ஒன்றரை மாத்திரை

அன்புள்ள சார்,

எனக்கு 34 வயது. சில மாதங்களாக எதிலும் ஒட்டுதல் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துவிடுகிறது. மனநல மருத்துவர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். அப்புறம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் 6.2 என்று வந்தது. 25 மைக்ரோகிராம் தைராக்சின் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. எல்லாவற்றுக்கும் தைராய்டுதான் காரணம் என்று தெரிந்ததும் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஆனால் ஒரு மாற்றமும் இல்லை. அளவைக் கூட்டிக்கொள்ளலாமா? அயோடின் சேர்த்துக்கொண்டால் உதவுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அயோடின் வேண்டாம். அதற்கு இவ்வளவு பதில் போதும்.

யாரைக் கேட்டு அந்த மாத்திரையை நிறுத்தினீர்கள்? 6.2 என்ற எண் கிடைத்ததும் திருடன் பிடிபட்டுவிட்டான் என்று நிம்மதியாகிவிட்டீர்கள். டிஎஸ்எச் என்பது தைராய்டை வேலை வாங்க மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன். தைராய்டு மந்தமானால் அது ஏறும், மிஞ்சினால் இறங்கும். கூடவே பார்த்திருக்க வேண்டிய ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன் அளவு, சரியாக இருந்தால், இது மிக லேசான குறைவு. ஒருமுறை இப்படி ஏறிய டிஎஸ்எச், இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் தானாகவே இறங்கியிருப்பதும் உண்டு. இவ்வளவு லேசான குறைவுக்குத் தைராக்சின் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களின் மனச்சோர்வு கூடுதலாகக் குறையவில்லை. மனச்சோர்வு ஒரு பக்கமும் மந்தமான தைராய்டு ஒரு பக்கமுமாக, இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். நாளைக்கே மருத்துவரிடம் போய், நிறுத்திவிட்டேன் என்று சொல்லுங்கள். பயந்துபோய் நீங்களாக மறுபடி தொடங்கவும் வேண்டாம்.

கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். நான் கூட்டிக்கொண்டவன்.

என்னுடையது லேசானதல்ல. டிஎஸ்எச் 62. அதற்கு முந்தைய ஒரு வருடம் நான் துக்கத்தில் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். துக்கப்படக்கூட ஒரு விசை வேண்டும், அது இல்லை. எழுத உட்கார்ந்தால் சொல் வராது. ஆனால் யாராவது முதல் எழுத்தைச் சொன்னால் உடனே வந்துவிடும். நினைவு அழியவில்லை, எடுத்துக்கொடுக்கிற கைதான் மெதுவாகிவிட்டது. இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அப்போது மூளையே போய்விட்டதென்று நம்பினேன்.

எடைக்கு ஏற்ப 100 மைக்ரோகிராம் கொடுத்தார்கள். விடிகாலை, வெறும் வயிற்றில். ஒரு மாதம் ஆனதும் முகவீக்கம் வற்றியது, குளிர் நடுக்கம் நின்றது. சொல் மட்டும் வரவில்லை. பொறுமை போய், யாரிடமும் சொல்லாமல் ஒன்றரை மாத்திரையாக்கினேன்.

தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் இன்று கூட்டிய அளவு ரத்தத்தில் ஒரு நிலைக்கு வர ஐந்து, ஆறு வாரம் பிடிக்கும். பிட்யூட்டரி அதை உணர்ந்து டிஎஸ்எச்சைச் சரிசெய்ய அதற்குமேலும் ஆகலாம். ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதிக்கச் சொல்வது இதனால்தான். மனமும் நினைவும் அந்த எண்ணுக்கும் பின்னால், மாதக் கணக்கில் தங்கி வரும். நானோ பழைய அளவே வேலையை முடிக்காதபோது அதன்மேல் இன்னொன்றை ஏற்றினேன்.

ஏமாற்றியது இரண்டாம் வாரம். அற்புதமாக இருந்தது. அதிகாலை மூன்று மணிக்கே எழுந்து பக்கம் பக்கமாக எழுதினேன். குணமாகிவிட்டேன் என்றே நினைத்தேன். ஐந்தாம் வாரம் தூக்கம் நாலு மணி நேரமாகியிருந்தது. கை நடுங்கியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 104. வீட்டில் ஒரு கதவுச் சத்தத்துக்குக் கத்தினேன். எழுதியதை எடுத்துப் படித்தால் ஒரு பத்தி அடுத்த பத்தியோடு ஒட்டவில்லை. ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தும் மனதில் நிற்கவில்லை. மறதி போகவில்லை ஆர்., வேடம் மாற்றிக்கொண்டு வந்திருந்தது. முன்பு சொல் வரத் தாமதமானது, இப்போது கவனம் ஓரிடத்தில் உட்கார மறுத்தது. இதை வெறும் பதற்றம் என்று நினைத்துத் தூக்க மாத்திரை வாங்கப் போயிருப்பேன். "நாடியைப் பாருங்கள்" என்று சொல்லி என்னை இழுத்துப் போனவள் என் மனைவி. டிஎஸ்எச் 0.02.

அந்த மருத்துவர் கோபப்படவில்லை. இதே அளவில் தொடர்ந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பு மெலியலாம் என்றார். மறுபடி 100. "உங்கள் மனநிலையை வைத்து அளவை முடிவு செய்யாதீர்கள், அது பொய் சொல்லும்" என்றார்.

நடுக்கமும் படபடப்பும் முதலில் போயின. தூக்கம் அடுத்து. எண் சரியாகி நாலு மாதம் கழித்து ஒருநாள், யாரும் முதல் எழுத்தைச் சொல்லாமலே, நான் தேடிய சொல் வந்து நின்றது. எல்லோருக்கும் இப்படி முழுதாகத் திரும்புவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஎஸ்எச் சரியாகியும் சோர்வு மிச்சமிருப்பவர்கள் உண்டு. அப்போது மாத்திரையைக் கூட்டக் கூடாது, வேறு காரணத்தைத் தேட வேண்டும். உங்களுக்கு அந்தக் காரணத்தை ஒரு மருத்துவர் ஏற்கெனவே கண்டுபிடித்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அடுத்த பரிசோதனைக்கு இன்னும் மூன்று வாரமாவது இருக்கிறது. அதுவரை 25தான். கால் மாத்திரைகூடக் கூட்டாதீர்கள்.