அம்மாவைக் கடிதத்தில் படுக்க வைக்காதே

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு தனியார் நிறுவனம் கணக்கு உதவியாளர் வேலைக்கு என்னை எடுத்திருப்பதாக 5ஆம் திகதி தமிழில் மின்னஞ்சல் அனுப்பியது. பதில் போடுவதற்குள் கல்முனையிலும் வேலை கிடைத்தது. வீட்டுக்குக் கிட்ட என்பதால் 8ஆம் திகதி அதற்கு ஓம் சொல்லிவிட்டேன். இப்போது 12ஆம் திகதி. நகரத்து நிறுவனத்துக்கு மறுப்பு எழுதியிருக்கிறேன். வேறு வேலை எடுத்ததைச் சொன்னால் கோபிப்பார்கள் என்று அம்மாவுக்குச் சுகமில்லை என்று போட்டேன். அம்மா நல்ல சுகம்தான். எழுத்துப் பிழையும் தொனியும் பார்த்துத் திருத்தித் தாருங்கள்.

"மதிப்பிற்குறிய ஐயா, உங்கள் நிறுவனத்தில் வழங்கப்பட்ட கணக்கு உதவியாளர் பதவியை நிராகரிக்கிறேன். அம்மாவுக்கு கடுமையான சுகயீனம் காரனமாக வர முடியாதுள்ளது. தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியங்களுக்கு வருந்துகிறேன். வேறு வாய்ப்பு இருந்தால் அறிவிக்கவும்."

பதில்: மகள், உன் கடிதத்தில் றகரப் பிழையும் னகரப் பிழையும் இருக்கின்றன. அவற்றைப் பிறகு பார்ப்போம். "அம்மா நல்ல சுகம்தான்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, முதலில் அதற்குப் பதில் சொல். சுகமாக நடமாடும் தாயைக் கடுமையான சுகயீனம் என்று எழுத உன் கை எப்படி வந்தது? நம் பக்கத்தில் வீடும் வளவும் தாய் வழியாக மகளுக்கு வருகிறது. அப்படிக் கொடுக்கிறவரை, ஒரு அலுவலகத்தின் கோபத்துக்குப் பயந்து, படுக்கையில் கிடத்தியிருக்கிறாய். எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று சொல்லாதே. இதே சாக்கை எழுதிவிட்டு மாட்டிக்கொண்டு எனக்கு எழுதியவர்கள் பலர்.

எப்படி மாட்டுவார்கள் தெரியுமா? பொய்க் காரணம் சொன்னால் கேட்கிறவர் அதற்கு வழி தேடித் தருவார். இந்த நிறுவனத்தில் இருப்பவர் நல்லவராக இருந்தால் நாளைக்கே பதில் வரும்: "அம்மா சுகமாகட்டும், நீங்கள் அடுத்த மாதம் முதலாம் திகதி வந்து பாரம் எடுங்கள். அதுவரை இடத்தை வைத்திருக்கிறோம்." அதற்கு என்ன எழுதுவாய்? நோயைக் கூட்டுவாயா? வைத்தியசாலையில் வைத்திருக்கிறோம் என்பாயா? அப்போது நோய் பார்க்க ஒருவர் பழப்பையோடு வந்து நிற்பார். நம் ஊரில் அது நடக்கும். அந்த அலுவலகத்துக்குப் போகிறவர்களில் செட்டிபாளையத்து ஆள் ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார். கல்முனை வீதியில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு உன் அம்மாவைத் தெரியும். உன்னைத் திங்கட்கிழமை காலையில் கல்முனைப் பஸ்ஸிலும் காண்பார்கள்.

"வேறு வேலையை ஏற்றுக்கொண்டேன்" என்ற உண்மைக்கு மறுபேச்சு கிடையாது. ஆட்களை வேலைக்கு எடுக்கிறவர்கள் அந்த வரியைத் தவறாமல் சந்திக்கிறார்கள், அதற்காகத்தான் நேர்முகத் தேர்வில் அடுத்தபடியாக வந்தவரின் பெயரைக் கையில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கோபம் வருவதற்கு உன் தாமதம் போதும். 8ஆம் திகதி நீ முடிவெடுத்தாய், இன்று 12ஆம் திகதி. இந்த நாலு நாளும் அடுத்த இடத்தில் இருக்கும் பிள்ளை, ஆரையம்பதியிலோ ஏறாவூரிலோ, தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டிலும் ஒரு அம்மா இருக்கிறார்.

சரி, இப்போது எழுத்து. "மதிப்பிற்குரிய" என்பதில் சின்ன ரகரம். "காரணமாக" என்பதில் மூன்று சுழி. இவை இரண்டும் கவனித்தால் போய்விடும். இதைவிடக் கண்ணில் குத்துவது "உங்கள் நிறுவனத்தில்" என்று தொடங்கி "தங்களுக்கு" என்று முடிப்பது. இரண்டும் மரியாதைதான், ஒரு கடிதத்தில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவனக் கடிதம் என்பதால் "தங்கள்" இருக்கட்டும். அப்புறம், "கு" என்றும் "ஐ" என்றும் முடியும் வேற்றுமைச் சொல்லுக்குப் பின்னால் க, ச, த, ப வரிசை வந்தால் ஒற்று வரும்: அம்மாவுக்குக் கடுமையான, கடிதத்துக்குப் பதில், என்னைத் தெரிவுசெய்து. உன் கடிதத்தில் அந்த "க்" விடுபட்டிருக்கிறது.

தொனியைக் கெடுப்பது "நிராகரிக்கிறேன்". விண்ணப்பத்தை நிறுவனம் நிராகரிக்கும். பத்துப் பேரில் உன்னைத் தெரிவுசெய்து ஒருவர் கொடுக்கும் வேலையை நீ அப்படிச் சொன்னால் முகத்தில் கதவைச் சாத்தியது போலிருக்கும். "ஏற்க இயலவில்லை" என்று எழுது. "ஏற்பட்ட அசௌகரியங்களுக்கு" என்ற வரியும் வேண்டாம். எந்த அசௌகரியம்? பதில் பிந்தியதுதான். அதையே சொல்லி வருத்தம் தெரிவி. கடைசி வரியைப் பார்: தாய் கடும் நோயாளி, வர முடியாது, ஆனால் வேறு வாய்ப்பு இருந்தால் அறிவிக்கவும்! பொய்யை உன் கடிதமே காட்டிக்கொடுக்கிறது. உண்மையான காரணத்தை எழுதினாலும் அந்த வரி பொருந்தாது. நேற்று ஒரு வேலையை ஏற்றவள் இன்று இன்னொன்றுக்குத் துண்டு போடக் கூடாது.

"ஐயா" என்று போடுமுன் அவர்கள் மின்னஞ்சலின் அடியில் யார் கையெழுத்து என்று பார். பெண்ணாக இருந்தால் "அம்மணி" என்று மாற்று. கடிதம் இப்படி இருக்கட்டும்:

"பொருள்: கணக்கு உதவியாளர் நியமனம் – எனது பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

கணக்கு உதவியாளர் பதவிக்கு என்னைத் தெரிவுசெய்து 5ஆம் திகதி தாங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. நேர்முகத் தேர்வில் நேரம் ஒதுக்கி வேலையைப் பற்றி விளக்கியதற்கு மிக்க நன்றி.

நான் வேறொரு நிறுவனத்தில் பணியாற்றச் சம்மதம் தெரிவித்துவிட்டேன். ஆகையால் தாங்கள் வழங்கிய பதவியை ஏற்க இயலவில்லை. தங்களுக்கு உரிய நேரத்தில் பதில் அனுப்பாமல் தாமதித்ததற்கு வருந்துகிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,"

கீழே உன் முழுப்பெயரும் தொலைபேசி இலக்கமும் போதும். கல்முனை நிறுவனத்தின் பெயரையும் சம்பளத்தையும் எழுதத் தேவையில்லை. "வீட்டுக்குக் கிட்ட" என்பதையும் எழுதாதே, எழுதினால் போக்குவரத்துப் படி தருகிறோம் என்று பேச்சு நீளும். புது மின்னஞ்சலாக அனுப்பாமல், அவர்கள் அனுப்பியதற்கே பதிலாக அனுப்பு. உன் நியமன விபரம் அடியிலேயே இருக்கும், அவர்கள் தேட வேண்டியதில்லை. நீ ஏற்கெனவே பிந்திவிட்டதால் அனுப்பியவுடன் அலுவலக நேரத்தில் ஒரு தடவை தொலைபேசியில் அழைத்து, "மின்னஞ்சல் போட்டிருக்கிறேன், வேறு வேலை ஏற்றுக்கொண்டேன்" என்று வாயாலும் சொல்லிவிடு. அவர்கள் அன்றைக்கே மற்றப் பிள்ளையைக் கூப்பிடலாம்.

அவர்கள் சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம் என்று திருப்பி அழைக்கக் கூடும். அங்கேதான் நீ தடுமாறுவாய் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் யாரும் கோபிக்கக் கூடாது என்று நினைக்கிற ஆள் நீ. கல்முனைக்கு 8ஆம் திகதி ஓம் சொன்னாய். அந்த ஓம் சொன்ன அன்றே அவர்கள் மற்ற விண்ணப்பங்களை மூடியிருப்பார்கள். கூடுதல் ரூபாய்க்காக அதை முறித்தால், நகரத்துக்காரர்களுக்கு இப்போது செய்ததைவிடப் பெரிய கெடுதலைக் கல்முனைக்காரர்களுக்குச் செய்வாய். "நன்றி, நான் அங்கே வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்று சொல்லி வை. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதே. அந்த ஒரு பேச்சில் இரண்டு அலுவலகமும் இன்னும் ஒரு கிழமை காத்திருக்கும்.