குதிரைக்குப் பதில் ஒரு மணி

கேள்வி: வணக்கம் அக்கா. எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு சிறுகதைப் போட்டி. சலங்கை, தெர்மாஸ் குடுவை, சதுரங்கக் குதிரை மூன்றும் கதையில் வர வேண்டும். சரியாக 500 சொற்கள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். பாட்டியின் பழைய பெட்டிக்குள் மூன்றும் இருப்பதாக எழுதினேன். 900 சொல் வந்தது, வெட்டி 500 ஆக்கினேன். படித்துப் பார்த்த தங்கை, “கதை ஓகேக்கா, ஆனா சாமான் லிஸ்ட் மாதிரி இருக்கு” என்கிறாள். எங்கே தப்பு செய்தேன்?
– ஈசூன் வாசகி

பதில்: உங்கள் தங்கைக்கு நல்ல காது. தப்பு பெட்டியில் இருக்கிறது.

இந்த மாதிரிப் போட்டிகளுக்கு நானும் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். வரும் கதைகளில் நாலைந்தாவது பெட்டிக் கதையாக இருக்கும். பெட்டி இல்லாவிட்டால் பரண், பரண் இல்லாவிட்டால் கனவு. (என் முதல் முயற்சி கனவுக் கதைதான். கதாநாயகன் விழித்துக்கொண்டதும் நடுவர் தூங்கியிருப்பார்.) பெட்டிக்குள் கிடக்கும் பொருளுக்கு வேலை கிடையாது. மூடியைத் திறந்ததும் பாட்டி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, வாசகர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிடுகிறார். எண்ண விட்டால் கதை போயிற்று.

கொடுத்த சொல்லை வைத்துக் கட்டும் விளையாட்டு நமக்குப் புதிதில்லை. ‘செருப்பு’ என்று தொடங்கி ‘விளக்குமாறு’ என்று முடித்து முருகனைப் பாடச் சொன்னார்களாம், காளமேகப் புலவரை. ‘செருப்புக்கு’ என்று எடுத்து ‘விளக்குமாறே’ என்று முடித்தார். செரு என்றால் போர். செருப்புக்கு என்றால் போரில் புகுந்து. விளக்குமாறு என்றால் விளக்கிச் சொல்லும் வழி. செருப்பும் போயிற்று, துடைப்பமும் போயிற்று. பாட்டில் இந்த வித்தை எடுபடும். கதையில் எடுபடாது, ஏனென்றால் உங்கள் சலங்கை கடைசிவரை சலங்கையாகவே இருந்தாக வேண்டும். ஆனால் அவரிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். கொடுத்த சொல்லைக் கட்டாயமாக நிறுத்தாமல், அந்த இடத்தில் வேறு எதுவும் பொருந்தாதபடி நிறுத்தினார்.

நீங்கள் மூன்று பொருளுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடியிருப்பீர்கள். ஒன்றும் இருக்காது, அப்படித்தான் பொறுக்கித் தருகிறார்கள். அதற்குப் பதிலாக, இவற்றில் எந்த இரண்டு ஒரே இடத்தில் சும்மா கிடக்கக்கூடியவை என்று பாருங்கள். அந்த இடம்தான் கதையின் களம். மிஞ்சிய மூன்றாவது அந்த இடத்துக்கு அந்நியம். அது உள்ளே வருவதுதான் கதை. மூன்றையும் உறவாக்கும் பாரம் இறங்கிவிடும். ஒன்றின் வருகைக்கு மட்டும் காரணம் சொன்னால் போதும்.

செய்து பார்ப்போம். நம் புளோக் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை பார்த்திருப்பீர்கள். காய்களைப் பெரியவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள், கூடவே ஒரு தெர்மாஸில் கோப்பி. ஆக, குதிரையும் தெர்மாஸும் அங்கே பிறந்து வளர்ந்தவை. வாசகர் புருவம் உயர்த்த மாட்டார். அந்நியம் சலங்கை. அது ஏன் அங்கே வர வேண்டும்?

சலங்கை முழுசாக வரத் தேவையில்லை என்று தோன்றியதும் எனக்கு வழி கிடைத்தது. தோல்பட்டையில் தைத்த மணிகளில் ஒன்றிரண்டு தளர்ந்து ஆடிக்கொண்டிருப்பது நடன வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சதுரங்கத்தில் ஒரு காய் தொலைந்தால் என்ன செய்வோம்? போத்தல் மூடியோ ஐந்து காசோ வைத்து ஆடுவோம். அப்படியானால் குதிரை தொலைய வேண்டும், அதன் இடத்தில் மணி நிற்க வேண்டும். மணி நகர்ந்தால் சத்தம் வரும். சத்தம் யாருக்குத் தேவை? கண் மங்கிவரும் ஒருவருக்கு. கதை இங்கேதான் பிறந்தது. நட்பு, முதுமை என்று கருப்பொருள் தேடி நான் போகவில்லை. பொருளின் குணத்தைப் பின்தொடர்ந்தேன், ஆள் தானாக வந்து உட்கார்ந்தார்.

கதை இப்படிப் போகிறது. இரண்டு தாத்தாக்கள் காய் அடுக்குகிறார்கள். ஒரு குதிரையைக் காணோம். பார்வை தெளிவாக உள்ளவரின் பேத்தி சமூக மன்றத்தில் வகுப்பு முடிந்து வருகிறாள். சலங்கையில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு மணியைத் தாத்தா கேட்கிறார். “கண்ணில ஒத்திக்கிட்டுக் கட்டுறது தாத்தா, இதப் போயி…” என்று தயங்குகிறாள். பிறகு கொடுக்கிறாள். ஆட்டம் தொடங்குகிறது. மணி நகரும்போதெல்லாம் நண்பர் தலையைச் சற்றே சாய்த்து, இத்தனை நாள் செய்துவந்த தவறைச் செய்யாமல் ஆடுகிறார். இவருக்கு அப்போதுதான் அவர் கண்ணின் நிலை புரிகிறது. முதல் காய் வெட்டுப்படுகிறது. வெட்டிய காயை வழக்கம்போல் தெர்மாஸின் மூடிக் கோப்பையில் போட நண்பர் கை நீட்டுகிறார். இவர் மூடியைத் திருகித் திறக்கிறார். உள்ளே, நேற்றைய கோப்பியின் சீனிப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு, தொலைந்த குதிரை. இவர் அதை உள்ளங்கையில் பொத்திக்கொள்கிறார். ஆட்டம் முடிந்ததும், பலகையில் நிற்கும் இன்னொரு குதிரையையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேத்தியிடம் கேட்கிறார்: “இன்னொரு மணி கழலுமா, அம்மு?”

அந்தச் சீனிப் பிசுக்கு முதலில் இல்லை. முதல் வரைவில் குதிரை தெர்மாஸ் கொண்டுவரும் துணிப்பையின் அடியில் கிடந்தது. ஒவ்வொரு பொருளையும் எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பார்ப்பது என் வழக்கம். தெர்மாஸை எடுத்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை வைத்தேன். கதையில் ஒரு கீறல்கூட விழவில்லை! அதாவது தெர்மாஸ் சும்மா ஒட்டவைத்தது. தெர்மாஸிடம் மட்டும் உள்ளது எது? திருகி மூடினால் மூடியாகவும், திறந்தால் கோப்பையாகவும் இருக்கும் அந்த மேல்பகுதி. காயைப் போட்டுவைக்கவும் அதுதான், ஒளித்துவைக்கவும் அதுதான். அடுத்து, மற்ற காய்களைக் கொட்டும்போது இது மட்டும் ஏன் விழவில்லை என்று கேட்பவருக்குப் பதில் வேண்டும். பிசுக்கு கிடைக்க அரை மணி நேரம் ஆனது. சலங்கை மணிக்குப் பதில் பொத்தான் வைத்தால் சத்தமில்லை, கதை விழுந்துவிடும். குதிரைக்குப் பதில் சிப்பாய் என்றால், நேரே போகும் காயைக் கண் மங்கியவரும் ஓரளவு தொடர்வார். மற்ற காயைத் தாண்டிக் குதித்து மூலை திரும்புவது குதிரை மட்டும்தான். மூன்றும் தேறியது. உங்கள் பெட்டிக் கதையில் சலங்கைக்குப் பதில் வெற்றிலைப் பெட்டியை வைத்துப் பாருங்கள், தங்கை சொன்னது விளங்கும்.

இனி நீளம். 900-ஐ 500 ஆக்க வரிவரியாக வெட்டினீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி வெட்டினால் காரணங்கள் போய்ப் பொருட்கள் மட்டும் மிஞ்சும், ஏனென்றால் போட்டி விதிக்குப் பயந்து பொருளைத் தொட மாட்டோம். பட்டியல் போலத் தெரிவதற்கு அது பாதிக் காரணம். 500 சொல்லில் ஓர் இடம், ஒரு மாலைப்பொழுது, பேசும் ஆட்கள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். என் கணக்கில் காய் தொலைந்தது 120, பேத்தியும் மணியும் 130, சத்தத்தோடு ஆட்டம் 130, கோப்பை திறப்பது முதல் கடைசிக் கேள்வி வரை 120. அந்நியப் பொருள் முதல் கால்பகுதி முடியும்போதே வந்துவிடுவதைக் கவனியுங்கள். பாதிக்கு மேல் வந்தால் விதிக்காக வந்தது என்று முகத்திலேயே எழுதியிருக்கும்.

முதல் வரைவு 600-ஐத் தாண்டினால் சொல்லை வெட்டாதீர்கள், ஒரு காட்சியையோ ஓர் ஆளையோ மொத்தமாக எடுங்கள். என் கதையில் நண்பரின் மகள் கண் மருத்துவரைப் பற்றிப் பேச வந்தாள். அவளை அனுப்பிவிட்டேன், தலை சாய்ப்பதே போதும். இருபது முப்பது சொல் குறைந்தால் ‘மிகவும்’, ‘அழகிய’ என்று நிரப்ப வேண்டாம். யாராவது மறுக்கும் இடத்தில் ஒரு பேச்சைக் கூட்டுங்கள். பேத்தியின் தயக்கம் அப்படி வந்ததுதான். கடைசி ஐந்தாறு சொல்லை ‘என்றார்’, ‘என்றாள்’ ஆகியவற்றில் சரிக்கட்டலாம், யார் பேசுகிறார் என்று தெரிகிறவரை.

தமிழில் இன்னொரு சிக்கல். கணினி இடைவெளியைத்தான் எண்ணும். ‘ஆடிக்கொண்டிருந்தார்’ ஒரு சொல், ‘ஆடிக் கொண்டிருந்தார்’ இரண்டு. 500-ஐப் பிடிக்க ஓரிடத்தில் சேர்த்தும் ஓரிடத்தில் பிரித்தும் எழுதினால் நடுவருக்குத் தெரியும், எனக்குத் தெரிந்திருக்கிறது. முதல் வரியில் எப்படி எழுதினீர்களோ அப்படியே முடியுங்கள்.

அனுப்பும் முன் ‘இருந்தது’, ‘கிடந்தது’ என்று முடியும் வாக்கியங்களைத் தேடுங்கள். “மேசைமேல் ஒரு தெர்மாஸ் இருந்தது” என்றால் வாசகரிடம் விரல் நீட்டிக் காட்டுகிறீர்கள். “தெர்மாஸைத் தள்ளிவைத்துவிட்டுக் காய்களைக் கொட்டினார்” என்றால் அவர் கண் காய்களோடு போய்விடும், தெர்மாஸ் சத்தமில்லாமல் உள்ளே வந்திருக்கும். தலைப்பிலும் மூன்றில் எதையும் வைக்காதீர்கள் (இந்தப் பதிலுக்கு நான் வைத்துவிட்டேன், இது போட்டி இல்லை). பிறகு, போட்டியைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எந்த மூன்று பொருள் கொடுத்திருப்பார்கள் என்று கேளுங்கள். உடனே மூன்றையும் சொன்னால் இன்னும் வேலை இருக்கிறது. ஒன்றைச் சொல்லி, அடுத்ததாக ‘கல்மேசையா?’ என்று கேட்டால் அனுப்பிவிடலாம். தங்கையை இதற்குப் பயன்படுத்த முடியாது, அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

என் கதையை அப்படியே அனுப்ப முடியாது, அச்சாகிவிட்டது. நீங்கள் களத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நடன வகுப்பு வாசலில் சலங்கையும், காத்திருக்கும் அம்மாவின் தெர்மாஸும் இயல்பாக இருக்கும்; அங்கே குதிரைதான் அந்நியம். அது யார் கைக்குள் மூடியபடி வருகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.