D டிரைவ்ல 400 ஜிபி சும்மா கிடக்கு, ஆனா போட்டோஷொப் "scratch disks are full" எண்டு சொல்லி வேலை செய்ய விடுதில்ல. ஏன்?

D-ல இடம் இருக்கிறத போட்டோஷொப்புக்கு நீங்க இன்னும் சொல்லல்ல, அவ்வளவுதான் விஷயம். சொல்லாட்டி அது விண்டோஸ் இருக்கிற டிரைவ்லதான், அதாவது C-லதான், தன்ட தற்காலிக ஃபைல எழுதும், அந்த இடத்தத்தான் scratch disk எண்டு சொல்றது. C நிரம்பினா D-ல கடல் அளவு இடம் இருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பியும் பாக்காது.

இந்தக் கேள்விய கேக்குற ஆக்கள்ல நிறையப் பேர் வெடிங் அல்பம் செய்றவங்க. நீங்களும் அப்பிடித்தான் எண்டு வச்சிக்கொண்டு எழுதுறன், இல்லாட்டியும் கணக்கு ஒண்டுதான். உங்கட மெஷின்ல சின்ன எஸ்எஸ்டி ஒண்டு C-யா இருக்கும், பழைய ஹார்ட் டிஸ்க் D-யா இருக்கும், கடைக்காரங்க இங்க அநேகமா அப்பிடித்தான் போட்டுத் தாறாங்க.

முதல்ல செய்ய வேண்டியத சொல்லிர்றன். Edit > Preferences > Scratch Disks-க்குப் போங்க. அங்க டிரைவ் எல்லாம் வரிசையா காட்டும், D-க்கு டிக் போட்டு பக்கத்தில இருக்கிற அம்புக்குறியால மேல கொண்டு வாங்க, C-ட டிக்க எடுத்துருங்க. ரெண்டுக்கும் டிக் இருந்தா மேல இருக்கிறது நிரம்பின பிறகு கீழ உள்ளதுக்கு வரும், திரும்பவும் C-ய நிரப்பி விண்டோஸையும் சேர்த்து இழுத்துப் படுத்திரும், அதால நான் C-ய விடுறதே இல்ல. OK குடுத்திட்டு போட்டோஷொப்ப மூடித் திரும்பத் திறக்கணும், அதுக்குப் பிறகுதான் மாறும்.

சிலருக்கு போட்டோஷொப் திறக்கவே திறக்காது, "Could not initialize Photoshop because the scratch disks are full" எண்டு வந்து அப்பிடியே மூடிரும். அப்ப மெனுவுக்குப் போக வழி இல்லதானே. ஐகன டபிள் கிளிக் பண்ணின உடனேயே Ctrl-ம் Alt-ம் சேர்த்து அமத்திப் பிடிச்சிக்கொண்டு இருங்க, அந்த டிரைவ் தெரிவு செய்ற சின்னப் பெட்டி மட்டும் தனியா வரும். மெக் எண்டா Cmd-ம் Option-ம். Shift-ல மட்டும் கை பட விடாதீங்க, மூண்டையும் அமத்தினா செட்டிங்ஸ் எல்லாத்தையும் அழிக்கவா எண்டு கேக்கும், அது வேற வேலை. அப்பிடிக் கேட்டா No குடுங்க.

இப்ப நான் இதுக்கு இவ்வளவு நீளமா எழுதுறதுக்குக் காரணம் சொல்றன். என்ட மச்சான் கொழும்பு கொட்டாஞ்சேனையில சின்ன ஸ்டூடியோ ஒண்டு நடத்துறார். 2022-ல கரண்ட் கட் ஞாபகம் இருக்கும்தானே, மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போச்சு. ஜெனரேட்டர் இல்ல, யூபிஎஸ்ட பெட்டரி தேஞ்சு போய் இருந்திச்சு, புதுசு வாங்குற விலையிலயும் இல்ல அந்த நேரம். அல்பம் பேஜ் செஞ்சிக்கொண்டு இருக்கேக்க டக்கெண்டு மெஷின் நிண்டுரும். கரண்ட் வந்த பிறகு திரும்ப ஆரம்பிப்பாங்க. இப்பிடியே போய் ஒரு நாள் இந்த எரர் வந்திச்சு, பிறகு எதத் திறந்தாலும் வந்திச்சு.

கடை ஒண்டுக்குக் கொண்டு போனார். அங்க இருந்த டெக்னீஷியன் டிஸ்க்க திறந்து கூட பாக்காம ரேம் பத்தாது எண்டு சொல்லி 8 ஜிபிய 16 ஆக்கி காசு வாங்கி அனுப்பினார். எரர் போகல்ல. திரும்பக் கொண்டு போனா இப்ப விண்டோஸ அடிச்சு புதுசா போடணுமாம். டொலர் ஏறி எல்லாச் சாமானும் யானை விலை வித்த நேரம் அது, அந்த நேரத்தில தேவையில்லாத ரேம் ஒண்ட விக்கிறது எவ்வளவு அநியாயம் எண்டு யோசிச்சுப் பாருங்க. ரேம் கூடினது கெட்டது எண்டு நான் சொல்லல்ல, கூடினா நல்லதுதான், ஆனா அவர் கொண்டு போன வருத்தத்துக்கு அது மருந்து இல்ல.

அதுக்குப் பிறகுதான் மச்சான் எனக்கு கோல் எடுத்தார். நான் போய் செஞ்சது இதுதான். போட்டோஷொப்ப மூடிட்டு விண்டோஸ் பட்டனோட R அமத்தி இத டைப் பண்ணினன்:

```
%temp%
```

வந்த ஃபோல்டர சைஸ் வாரியா அடுக்கிப் பாத்தா மேல `Photoshop Temp` எண்டு ஆரம்பிச்சு பின்னால பெரிய நம்பரோட ஃபைல்கள், ஒவ்வொண்டும் பத்து ஜிபிக்கு மேல. போட்டோஷொப் ஒழுங்கா மூடுப்பட்டா அந்த ஃபைல அதுவே அழிச்சிட்டுப் போகும். கரண்ட் போய் மெஷின் நிண்டா, இல்லாட்டி போட்டோஷொப் கிரேஷ் ஆனா, அழிக்கிறதுக்கு ஆள் இல்ல, ஃபைல் அப்பிடியே கிடக்கும். அடுத்த தரம் திறக்கேக்க புதுசா ஒண்ட எழுதும். 120 ஜிபி C-ல விண்டோஸும் புரோகிராம்களும் போக மிச்சம் இருந்த இடம் முழுக்க இந்த அநாதை ஃபைல்கள்தான் பிடிச்சிருந்திச்சு. எல்லாத்தையும் Shift+Delete பண்ணின உடனே C-ல பாதிக்குக் கிட்ட வெளிச்சிது, பிறகு மேல சொன்ன மாதிரி ஸ்கிரட்ச்ச D-க்கு மாத்தினன். அதுக்குப் பிறகு அந்த எரர் வரவே இல்ல.

நீங்க அழிக்கேக்க பயப்படத் தேவையில்ல, போட்டோஷொப் மூடியிருந்தா அந்தப் பேர்ல இருக்கிற எல்லாம் குப்பைதான், உங்கட பிஎஸ்டி ஒண்டும் அதுக்குள்ள இல்ல. தெரியாம திறந்து வச்சிக்கொண்டு அழிக்கப் பாத்தாலும் பாவனையில இருக்கிற ஃபைல விண்டோஸ் விடாது. ஸ்கிரட்ச்ச D-க்கு மாத்தின பிறகு கரண்ட் போனா இதே குப்பை D-ட மேல் மட்டத்தில, ஃபோல்டர் ஒண்டுக்கும் உள்ள இல்லாம கிடக்கும், அங்க பாருங்க.

"நான் திறந்திருக்கிற ஃபைலே 500 எம்பி, அது எப்பிடி இவ்வளவு இடம் தின்னும்" எண்டு மச்சானும் கேட்டார். கணக்கு இப்பிடி. 12 க்கு 36 இஞ்சி அல்பம் பேஜ் 300 ரெசலூஷன்ல 3600 க்கு 10800 பிக்சல், கிட்டத்தட்ட 3.9 கோடி பிக்சல். 16 பிட்ல வேலை செஞ்சா ஒரு பிக்சலுக்கு நிறம் மூண்டும் டிரான்ஸ்பரன்சியும் சேர்த்து 8 பைட். அப்ப பேஜ் முழுக்க நிரம்பின ஒரு லேயர் 311 எம்பி. அப்பிடி பத்து லேயர் போட்டா 3 ஜிபி தாண்டிரும். பிஎஸ்டி ஃபைல் டிஸ்க்ல சுருக்கி சேவ் ஆகிறதால சின்னதா தெரியுது, திறந்த உடனே விரிஞ்சிரும்.

அதுக்கு மேல ஹிஸ்டரி. சும்மா இருந்தா போட்டோஷொப் 50 படி பின்னுக்குப் போக ஞாபகம் வச்சிருக்கும். பிரஷ்ஷால ஒரு மூலையில தடவினா அந்தத் துண்ட மட்டும்தான் வைக்கும், ஆனா லேயர் முழுக்க ஃபில்டர் ஒண்டு போட்டா அந்த 311 எம்பியும் திரும்ப ஒரு தரம் போகும். அப்பிடி முப்பது படி போனா 9 ஜிபிக்கு மேல. இது ஒரு பேஜுக்கு, அவங்க அஞ்சு ஆறு பேஜ ஒரே நேரம் திறந்து வச்சிக்கொண்டு செய்றவங்க. 16 ஜிபி ரேம்ல போட்டோஷொப் வழக்கமா 70 வீதம்தான் எடுக்கும், மிச்சம் எல்லாம் ஸ்கிரட்ச்சுக்குத்தான் போகுது.

இத கண்ணால பாக்க ஏலும். கீழ ஸ்டேட்டஸ் பார்ல சின்ன அம்ப அமத்தி Scratch Sizes எண்டு எடுங்க. ரெண்டு நம்பர் வரும், இடப்பக்கம் இப்ப பாவிக்கிறது, வலப்பக்கம் போட்டோஷொப்புக்கு இருக்கிற ரேம். இடது வலதத் தாண்டிச்செண்டா டிஸ்க்குக்கு இறங்கிட்டுது. வேலைக்கு நடுவில அவசரம் எண்டா Edit > Purge > Histories குடுங்க, ஆனா அதுக்குப் பிறகு பின்னுக்குப் போக ஏலாது, சேவ் பண்ணிட்டு செய்யுங்க. டிஸ்க்ல இடம் முழுசா திரும்ப வாறதுக்கு போட்டோஷொப்ப மூடித்தான் திறக்கணும்.

இப்ப சிலர் வந்து எழுதுவாங்க, ஹார்ட் டிஸ்க்ல ஸ்கிரட்ச் வச்சா மெதுவாகும், எஸ்எஸ்டிதான் வேணும் எண்டு. உண்மைதான், நான் மறுக்கல்ல. காசு இருந்தா ரெண்டாவது எஸ்எஸ்டி ஒண்டு இதுக்கெண்டே போடுங்க. எழுதி எழுதி எஸ்எஸ்டி தேஞ்சிரும் எண்டு பயப்படுத்துறவங்களுக்கு: 500 ஜிபி மாடல் சிலதுக்கு கொம்பனியே 300 டெராபைட் எழுத உத்தரவாதம் குடுக்குது, ஒரு நாளைக்கு 50 ஜிபி எழுதினாலும் 16 வருஷம். ஆனா காசில்லாத ஆளுக்கு மெதுவான D, நிரம்பின C-ய விட எவ்வளவோ மேல். ஒரே டிஸ்க்க C, D எண்டு பிரிச்சிருந்தா வேகம் கூடாது, இடப்பிரச்சினை மட்டும் தீரும். பென் டிரைவ் மட்டும் வேண்டாம்.

வேகத்தைப் பத்தி கதைக்கிறவங்க ஒண்டையும் யோசிக்கிறதில்ல, இந்த அல்பம் எல்லாம் செய்றது யார்? போட்டோ எடுத்தவர்ட பேர் அட்டையில தங்க எழுத்தில போகுது, ராவெல்லாம் முழிச்சு முப்பது பேஜ் செஞ்ச பெடியன்ட பேர் எங்கயும் இல்ல. பேஜுக்கு இவ்வளவு எண்டு குடுக்கிற காசும் சாமான் விலை ஏறின அளவுக்கு ஏறல்ல. அதால ஆக்கள் பழைய மெஷினோடயே மாரடிக்கிறாங்க. சரி, அது வேற கதை.

D-க்கு மாத்தி, குப்பைய அழிச்ச பிறகும் குரொப் பண்ணேக்க மட்டும் இந்த எரர் வருதெண்டா டிஸ்க்க விடுங்க, மேல இருக்கிற பார்ல அளவப் பாருங்க. ரெசலூஷன் 300 px/in-க்குப் பதிலா 300 px/cm-ல நிண்டா அதே 12 க்கு 36 பேஜ் ஆறு மடங்குக்கு மேல பெருத்து 25 கோடி பிக்சல் ஆகும். இஞ்சி போட வேண்டிய இடத்தில பிக்சல் நம்பர போட்டிருந்தாலும் இதே கதிதான். Clear அமத்தி திரும்பப் போடுங்க.

இதுக்கும் சரி வரல்லயெண்டா ஃபைல் சைஸ், 8 பிட்டா 16 பிட்டா, C-ல மிச்சம் எவ்வளவு, இந்த மூண்டையும் கமெண்ட்ல போடுங்க, பாத்துச் சொல்றன்.