தரை உடைந்த பிறகும் உட்கார்ந்திருக்கலாமா?

கேள்வி: சார், நான் அந்தேரியில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். ஒரு பங்கு அஞ்சு மாசமா 400-க்கும் 440-க்கும் நடுவில் ஆடிட்டே இருந்தது. 2 லட்சம் வைத்து 403-ல் 490 பங்கு வாங்கினேன், ஸ்டாப் லாஸ் 399. விலை 397 வரை வந்து என்னை வெளியே தள்ளிவிட்டு 433 போச்சு. மறுபடி அதே விலையில் வாங்கினேன், அதே ஸ்டாப். 398 தொட்டுவிட்டு 424 போச்சு. மூணாம் தடவை வெறுத்துப்போய் ஸ்டாப்பே போடவில்லை. உடைந்துவிட்டது. போன வாரம் 366 வரை இறங்கி இப்போது 371. வீட்டுக்காரர் எஃப்டியை உடைத்து இன்னும் 490 வாங்கி ஆவரேஜ் செய்யலாம் என்கிறார். செய்யலாமா?
*– ஒரு வாசகி, செம்பூர், மும்பை*

பதில்: வேண்டாம். எஃப்டி அது பாட்டுக்கு இருக்கட்டும்.

முதல் இரண்டு தடவை நடந்ததை முதலில் பார்ப்போம். மூன்றாவது தடவையின் விதை அங்கேதான் இருக்கிறது. நீங்கள் 400 என்பதை ஒரு கோடாக நினைத்திருக்கிறீர்கள். சந்தையில் தரை என்பது கோடு இல்லை, நாலைந்து ரூபாய் அகலமுள்ள ஒரு பட்டை. 399-ல் உங்களோடு ஸ்டாப் போட்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், எல்லோருக்கும் கண்ணில் படுவது அந்த முழு எண்தானே! விலை அங்கே போய் அத்தனை பேரையும் உலுக்கிவிட்டுத் திரும்புவது அன்றாட வேடிக்கை. சார்ட்டில் கேண்டிலுக்குக் கீழே வால் மாதிரித் தொங்குவது அதுதான்.

சரி, ஸ்டாப்பை எங்கே வைத்திருக்கலாம்? அந்தப் பங்கு ஒரு சாதாரண நாளில் மேலும் கீழுமாக எவ்வளவு ஆடுகிறது என்று பத்துப் பதினைந்து நாள் பாருங்கள். 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதியைத் தரைக்குக் கீழே விட்டால் 395. உங்களை வெளியே தள்ளிய 397, 398 இரண்டுமே அதைத் தொட்டிருக்காது.

உடனே கேட்பீர்கள்: 490 பங்குக்கு 8 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட 4,000 போய்விடுமே? அதனால்தான் 399-ல் வைத்தீர்கள், இல்லையா? அளவை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்தப் பயத்துக்கு ஏற்றபடி ஸ்டாப்பை நெருக்கியிருக்கிறீர்கள். வரிசையை மாற்றுங்கள். 2 லட்சத்தில் ஒரு முறைக்கு ஒரு சதவீதம், அதாவது 2,000 ரூபாய்தான் இழக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விலை தரையைத் தொட்டுவிட்டு 405-க்கு மேல் ஏறி நிற்கும்போது வாங்கினால், 395 வரை 10 ரூபாய் தூரம். ஆக 200 பங்கு, சுமார் 81,000 ரூபாய். மிச்சப் பணம் சும்மா கிடக்கட்டும். விற்க 440 வரை காத்திருக்க வேண்டாம், கூரையும் பட்டைதான், 436-ல் கொடுத்துவிடலாம். பத்து ரூபாயைப் பணயம் வைத்து முப்பத்தொன்றைத் தேடுகிறீர்கள். அதே பங்கை 420-ல் வாங்கியிருந்தால் 25 ரூபாயைப் பணயம் வைத்துப் பதினாறைத் தேடுவீர்கள். நெருக்கம் வாங்கும் இடத்தில் இருக்க வேண்டும், ஸ்டாப்பில் இல்லை.

இனி மூன்றாவது தடவை. 440-ல் திரும்பிக்கொண்டிருந்த பங்கு 433-ல் திரும்பியது, பிறகு 424-ல். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கவனிக்கவில்லை. தரை அதே இடத்தில் இருக்கிறது, துள்ளல் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு ஏற்றத்திலும் விற்பவர் முன்னதைவிடக் குறைந்த விலைக்கே கொடுக்கத் தயாராகிறார் என்று அர்த்தம். 400-ல் வாங்கிக்கொண்டிருந்தவர் கையில் காசு தீரும் வரைதான் அந்தத் தரை. ஏற்றம் கூரைவரை போகாமல் இரண்டு முறை பாதியில் திரும்பினால் நான் அந்தப் பங்கை விட்டுவிடுவேன். உங்கள் மூன்றாவது வாங்கலுக்கு ஸ்டாப் இல்லாதது இரண்டாவது தப்பு. வாங்கியதே முதல் தப்பு.

ஆர்டர் போடும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காலை ஒன்பதே காலுக்குச் சந்தை திறக்கும்போது நீங்கள் ரயிலில் நசுங்கிக்கொண்டிருப்பீர்கள். சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்று மாலை மூன்றரைக்குக் காலாவதி. டெலிவரியில் வைத்திருக்கும் பங்குக்கு மறுநாள் திரும்பப் போட வேண்டும். மறக்கிறவர்கள் புரோக்கர் ஆப்பில், சொன்ன விலை வரும்வரை நாள் கணக்கில் காத்திருக்கும் ஜிடிடி ஆர்டரைப் போட்டுவிடலாம். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. டிரிகர் என்பது ஆர்டரை எழுப்பும் விலை, லிமிட் என்பது ‘இதற்குக் கீழே விற்காதே’ என்னும் விலை. பல வருஷம் முன்பு ஒரு மருந்து கம்பெனிப் பங்குக்கு டிரிகருக்கும் லிமிட்டுக்கும் வெறும் ஐம்பது காசு இடைவெளி விட்டு நிம்மதியாகத் தூங்கினேன். ராத்திரி காலாண்டு முடிவு வந்தது. தாணேயில் ரயில் ஏறி சிஎஸ்டியில் இறங்கிப் பார்த்தால், பங்கு என் லிமிட்டுக்கு வெகு கீழே திறந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. என் விற்பனை ஆர்டர் மேலே அநாதையாகத் தொங்கியது. அந்த விலைக்கு வாங்க ஆளில்லை. அன்றிலிருந்து டிரிகர் 395 என்றால் லிமிட்டை 388 என்று தாராளமாக வைப்பேன். 388-க்கே விற்றுவிடும் என்று அர்த்தமில்லை. அதற்கு மேல் என்ன விலை கிடைத்தாலும் விற்கும். அதற்கும் கீழே திறந்தால் அதுவும் தொங்கும்தான், அதனால் முடிவு வரும் தேதிக்கு முன்பே ரேஞ்சில் வாங்கியதை விற்றுவிடுவேன்.

உடைந்த பிறகு விலை பெரும்பாலும் ஒருமுறை பழைய தரையைக் கீழிருந்து வந்து தட்டிப் பார்க்கும். உங்களைப் போல 403-ல் மாட்டியவர்கள் எல்லோரும் அங்கே ‘போட்ட காசு வந்தால் போதும்’ என்று விற்பார்கள், அதனால் அதுவே கூரையாகிவிடும்.

இப்போது 371. 490 பங்கில் நஷ்டம் 15,680 ரூபாய். இன்னொரு 490 சேர்த்தால் சராசரி 387 ஆகும். காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் கையில் 980 பங்கு, இன்னும் ஒரு ரூபாய் இறங்கினால் 980 ரூபாய் போகும். ரேஞ்சின் உயரம் 40 என்றால் உடைந்தபின் அதே அளவு, 360 வரை, இறங்கும் என்பது சந்தையில் பலரும் போடும் கணக்கு. நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஆனால் 366-ல் புதுத் தரை போட்டுவிட்டது என்பதற்கு ஒரே ஒரு துள்ளல் போதாது.

நானாக இருந்தால் நாளையே 245 பங்கை விற்பேன். மீதி 245-க்கு டிரிகர் 364, லிமிட் 357 போட்டுவைப்பேன். ஏறி 395 பக்கம் வந்தால் அங்கேயே கொடுத்துவிடுவேன், 403-க்குக் காத்திருக்க மாட்டேன். இந்த நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள், கெடு தேதிக்குள். குறுகிய கால மூலதன நஷ்டத்தை எட்டு வருஷம் வரை எடுத்துப்போய், பின்னால் வரும் மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். கணக்குப் பார்ப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டுமா என்ன!