விட்ஸுக்கு எத்தனை வைப்பர்?

கேள்வி: எங்கட கார் டொயோட்டா விட்ஸ். வைப்பர் பிளேடைப் படம் எடுத்து, விட்ஸ் என்றும் எழுதி, கொழும்பில் ஒரு கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீளமாக ஒன்று, கட்டையாக ஒன்று என்று சோடியாக வந்தது. என் காரின் முன்கண்ணாடியில் இருப்பதே ஒரு வைப்பர்தான்! நீளமானதைப் போட்டுப் பார்த்தால் அதுவும் போதவில்லை. மாரி வரப்போகிறது. படம் அனுப்பி வாங்கவே முடியாதா? (உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வாங்கலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் கடைக்காரர் பார்க்க ஒன்றுமே இல்லை. எனக்கும் அதே படத்தை அனுப்பியிருந்தீர்கள். கறுப்பாக ஒரு பிளேட், பின்னால் கண்ணாடி, அதில் உங்கள் வீட்டுத் தென்னையின் நிழல். அது 14 அங்குலமா 26 அங்குலமா என்று யாராலும் சொல்ல முடியாது. கறுப்பு பிளேட்கள் எல்லாம் படத்தில் ஒரே சாடைதான். ஆகவே கடைக்காரர் படத்தை விட்டுவிட்டு "விட்ஸ்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். பிழை அங்கேதான் நடந்தது.

விட்ஸ் என்பது ஒரு கார் இல்லை, ஒரு பெயர். நம் ஊரில் அதிகம் ஓடுவது இரண்டு தலைமுறை. 2005இல் வந்ததன் செசி நம்பர் KSP90, SCP90 என்று தொடங்கும். அதன் முன்கண்ணாடியில் நீளம் ஒன்றும் கட்டை ஒன்றுமாக இரண்டு வைப்பர். 2010 கடைசியில் ஜப்பானில் அறிமுகமான அடுத்த தலைமுறையில், அதாவது KSP130, NSP130 வகையில், டொயோட்டா ஒரு வைப்பரைக் கழற்றிவிட்டு, நீண்ட ஒற்றைக் கையை வைத்தது. உங்களுடையது அதுதான். கடைக்காரர் 90க்கு உரிய சோடியை எடுத்துக் கட்டியிருக்கிறார்.

வைப்பர் எண்ணிக்கையைப் பார்த்தே தலைமுறை சொல்லக்கூடிய கார்கள் மிகக் குறைவு. இந்த வகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம். வேகன் ஆர் வைத்திருப்பவருக்கு அது கிடையாது. MH34S, MH44S, MH55S மூன்றும் பேச்சில் வெறும் "வேகன் ஆர்"தான். பதிவு செய்த ஆண்டை நம்பியும் பயனில்லை. ரீகண்டிஷன் கார் ஜப்பானில் செய்த ஆண்டு ஒன்று, இங்கே இலக்கத் தகடு ஏறிய ஆண்டு இன்னொன்று. செசி நம்பரில் சிறுகோட்டுக்கு முன்னால் உள்ள எழுத்தும் எண்ணும்தான் நம்பக்கூடியவை. வாகனப் புத்தகத்தில் இருக்கும். இல்லாவிட்டால் பொனட்டைத் திறந்தால் தகட்டில் இருக்கும். கோட்டுக்குப் பின்னால் வரும் நீண்ட எண் கடைக்குத் தேவையே இல்லை, அதை மறைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

இனி நீளத்துக்கு வருவோம். படத்திலிருந்து நீளம் எடுக்க வேண்டுமானால், நீளம் தெரிந்த ஒரு பொருள் பிளேடுக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டும். நான் கேட்பது ஏ4 தாள். அதன் நீளப் பக்கம் 297 மில்லிமீற்றர், எந்தக் கடையில் வாங்கினாலும் மாறாது. பிளேடைக் கழற்றி, தரையில் தாளின் நீளப் பக்கத்தோடு ஒட்டி வையுங்கள். நேர் மேலே நின்று எடுங்கள்.

"நேர் மேலே" என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிண்ணியாவில் இருந்து ஒருவர் பிரியஸ் 30க்கு, அதாவது ZVW30க்கு, வலப்பக்க பிளேட் வேண்டும் என்று இப்படித் தாள் வைத்து ஒரு படம் அனுப்பினார். போன் திரையில் அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். தாள் 6 சென்ரிமீற்றர், பிளேட் 12. அப்படியென்றால் பிளேட் தாளைப் போல இரண்டு மடங்கு, 594 மில்லிமீற்றர். 600 அளவு, கடைப் பேச்சில் 24 அங்குலம். எனக்கு இடித்தது, அந்தக் காரின் வலப்பக்கத்துக்கு 26 அங்குலம் என்பது கைப்பழக்கத்தில் தெரியும். படத்தைத் திரும்பப் பார்த்தால், தாள் அவருடைய கால் பக்கம், பிளேட் அங்கிருந்து அப்பால் நீண்டு போகிறது. தூரத்தில் உள்ள முனை சிறுத்துத் தெரிகிறது. குந்தியிருந்து சாய்வாக எடுத்த படம்.

மேசையில் வைத்து, கதிரையில் ஏறி நின்று, தாளைப் பிளேடின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் போட்டு மறுபடி எடுக்கச் சொன்னேன். இந்த முறை தாள் 5 சென்ரிமீற்றர், பிளேட் 10.9. ஐந்தால் வகுத்து 297ஆல் பெருக்கினால் 647. சரி, 650, அதுதான் 26 அங்குலம். ஒரே பிளேட், ஒரே தாள். எடுத்த இடம் மாறியதால் வந்த வித்தியாசம் ஐந்து சென்ரிமீற்றர்.

திரையில் அளக்கும்போது ஒரு மில்லிமீற்றர் பிசகினால் உண்மையில் ஆறு மில்லிமீற்றர் பிசகும். பயப்பட வேண்டாம். பிளேட்கள் ஏறக்குறைய ஒரு அங்குலப் படியில்தான் வருகின்றன: 400, 425, 450, 475 என்று. கிட்ட உள்ள படியை எடுத்தால் போதும். அளக்க வேண்டியது றப்பரை. மேலே உள்ள பிளாஸ்டிக் கூட்டை அல்ல. எலும்பு இல்லாத தட்டை வகை பிளேட் கழற்றியதும் வில் மாதிரி வளைந்து நிற்கும், அதைக் கையால் அமர்த்தி நேராக்கிப் படம் எடுக்க வேண்டும். அளவுநாடா வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கு ஒன்றும் வேண்டாம், நாடாவைப் பக்கத்தில் விரித்து எண் தெரிய எடுங்கள். நாடா இல்லாத வீடுகளுக்குத்தான் தாள்.

இன்னொரு பொறி: பழைய பிளேடின் நீளம் சரியான நீளம் என்று யார் சொன்னது? உங்களுக்கு முன் அந்தக் காரை வைத்திருந்தவர் கையில் கிடைத்ததை மாட்டியிருக்கலாம். கழற்றுவதற்கு முன் கண்ணாடியை நனைத்து ஒரு முறை ஓடவிட்டுப் பாருங்கள். முனை ஓரத் தூணின் றப்பரில் தட்டினால் நீளம் கூட. கண்ணாடியின் மேற்புறத்தில் கண் மட்டத்திலேயே ஈரம் துடைபடாமல் நின்றால் குறைவு. இரண்டு வைப்பர் உள்ள காரில், நீளம் கூடியது மற்றதோடு மோதும். ஒரு அங்குலம் குறைந்ததைப் போட்டுச் சமாளிக்கலாம். கூடியதைப் போட நான் சம்மதிக்க மாட்டேன், மோட்டருக்கும் இணைப்புக்கும் சுமை.

அடுத்தது பிடி. நீளம் சரியாக வந்தும் திரும்பிப் போகிற பிளேட்கள் பெரும்பாலும் இதனால்தான். ஜப்பான் கார்களில் வைப்பர் கையின் நுனி தூண்டில் மாதிரி மடிந்திருக்கும், கடையில் கொக்கி அல்லது யூ ஹூக் என்பார்கள். ஐரோப்பியக் கார்களில் பக்கத்தில் அமத்தும் பொத்தான், கிள்ளுகிற வகை என்று பல. பிளேட் மாட்டியிருக்கும்போது எடுத்த படத்தில் இந்த இடம் முழுக்க மூடிக் கிடக்கும். எனவே பிளேடைக் கழற்றிவிட்டு, வெறும் வைப்பர் கையின் நுனியைப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் எடுக்க வேண்டும்.

கொக்கி வகையைக் கழற்றுவது சுலபம். கையைக் கண்ணாடியில் இருந்து தூக்கி நிறுத்தி, கொக்கிக்குக் கீழே உள்ள சிறு நாக்கை அமத்திப் பிடித்து, பிளேடைக் கையின் அடிப்பக்கம் நோக்கி, அதாவது கீழே, இழுத்தால் கொக்கி விட்டுக்கொடுக்கும். மேலே இழுக்கப் பார்த்து நாக்கை உடைத்தவர்கள் பலர். கழற்றியதும் கையை அப்படியே விட்டுவிட்டுப் படம் எடுக்க ஓடாதீர்கள். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. காற்றுக்கு அது படாரென்று மடங்கி வெறும் இரும்பு கண்ணாடியில் விழும். நானே ஒருமுறை கச்சான் அடிக்கிற நாளில் நிலாவெளி வீதியோரம் நின்று இந்த வேலை பார்த்து, ஒரு வாடிக்கையாளரின் முன்கண்ணாடிக்கு விலை கொடுத்திருக்கிறேன். அன்று முதல் மடித்த துவாய் ஒன்று கண்ணாடியில் விரிக்காமல் தொடுவதில்லை.

கொக்கியிலும் பொதுவாக இரண்டு அளவு உண்டு. அகலம் இரண்டுக்கும் 9 மில்லிமீற்றர், தகட்டின் தடிப்பு மட்டும் 3 அல்லது 4. இந்த ஒரு மில்லிமீற்றரைப் படத்தில் காண முடியாது, நானும் முயன்று பார்த்து விட்டுவிட்டேன். பிளேடோடு வரும் பிளாஸ்டிக் துண்டு இரண்டுக்கும் பொருந்துமா என்று கடையில் கேளுங்கள், பல பிளேட்களில் பொருந்தும். மாட்டியபின் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். வந்தும் பிளேடைக் கையால் ஆட்டினால் கொக்கியில் லொடலொடத்தால், அது தடிப்புக் குறைந்த கொக்கியில் பெரிய துண்டு மாட்டிய அடையாளம். அப்படி விட்டால் கன்னியாப் பக்கம் மழையில் போகும்போது பிளேட் கழன்று பறக்கும்.

உங்கள் காரின் பின்கண்ணாடி வைப்பருக்கு இது எதுவும் பொருந்தாது. பின்பக்கப் பிடி காருக்குக் கார் வேறு. கழற்றிய பிடியின் படம் இல்லாமல் அதை வாங்கவே வேண்டாம்.

இணையத்தில் நீங்களே தேடுவதானால், விட்ஸ் வெளிநாடுகளில் யாரிஸ் என்ற பெயரில் விற்கப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். அமெரிக்கப் பட்டியலில் ஓட்டுநர் பக்கம் என்றால் இடப்பக்கம், நமக்கு வலப்பக்கம். ஒற்றை வைப்பருக்கு இந்தக் குழப்பம் இல்லை. உங்களுக்கு அடுத்த கார் ஆக்குவாவோ பிரியஸோ என்றால் வரும்.

இப்போது கடைக்கு இதை அனுப்புங்கள். தாளோடு நேர் மேலிருந்து எடுத்த பிளேட், பிளேட் கழற்றிய வைப்பர் கையின் நுனி, கோட்டுக்கு முன் உள்ள செசி எழுத்து, மூன்று படம். கீழே எழுத்தில்: "டொயோட்டா விட்ஸ், KSP130, முன்பக்கம் ஒற்றை வைப்பர், கொக்கிப் பிடி, றப்பர் நீளம் இவ்வளவு." நீளத்தை நீங்களே அளந்து எழுதுங்கள், அவர்களும் படத்தில் சரிபார்க்கட்டும். முதல் மழைக்கு முன் மாற்றுவது நல்லது. கச்சான் மாதங்களின் வெயிலும் உப்புத் தூசியும் றப்பரைக் காய வைத்திருக்கும், மழை வந்தபிறகு திருகோணமலையில் எல்லாரும் ஒரே நாளில் பிளேட் தேடுவார்கள்.

வந்த சோடியை எறிய வேண்டாம். பெட்டியோடு வைத்திருங்கள். உங்கள் தெருவிலேயே 90 விட்ஸ் ஒன்று நிற்கும், பாதி விலைக்கு வாங்கிக்கொள்வார்கள்.