படத்துக்கு 6 சென்ட், மணிக்கு எவ்வளவு?

வணக்கம். ஒரு டேட்டா லேபிளிங் தளத்தில் படங்களில் பெட்டி வரையும் வேலை செய்கிறேன். படத்துக்கு 6 சென்ட். ஒரு படம் 30 நொடிதான் ஆகும், மணிக்கு 7 டாலருக்கு மேல் வரும் என்றார்கள். போன வாரம் 10 மணி நேரம் உட்கார்ந்து 720 படம் முடித்தேன், 60 ரிஜெக்ட் ஆனது. கைக்கு வந்தது 37 டாலர். வேறொரு புராஜெக்ட்டுக்கு 3 மணி நேரம் தகுதித் தேர்வு எழுதினேன், பதிலே இல்லை. இப்போது இன்னொரு தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. எழுதலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எழுதுவதற்கு முன் உங்கள் கணக்கையே ஒரு முறை போட்டுப் பார்ப்போம். 10 மணி நேரத்தில் 720 படம் என்றால் ஒரு படத்துக்கு 50 நொடி. அவர்கள் சொன்ன 30 நொடி, வழிமுறைகள் மனப்பாடமாகி, படமும் சுலபமாக இருக்கும்போது கிடைக்கும் வேகம். ஆக மணிக்கு 7.20 டாலர் அங்கேயே 4.32 ஆகிவிட்டது. ரிஜெக்ட் ஆனவை போக 660 படத்துக்கு 39.60 டாலர். பணம் எடுக்கும் கட்டணம் போய் 37.

ஆனால் உழைத்த நேரம் 10 மணி அல்ல. அந்த 3 மணி நேரத் தேர்வு இருக்கிறது. வேலை வந்திருக்கிறதா என்று பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்ததும், வழிமுறைகளைப் படித்ததும் வாரத்துக்கு 4 மணி நேரமாவது இருக்கும். மொத்தம் 17 மணி நேரம், 37 டாலர். மணிக்கு 2.18 டாலர்தான்.

நீங்கள் மெதுவாக வேலை செய்வதால் இப்படி ஆகவில்லை. அமேசான் மெக்கானிக்கல் டர்க் தளத்தில் 2,676 பேர் செய்த 38 லட்சம் வேலைகளை ஆராய்ந்து 2018-ல் ஒரு கட்டுரை வெளியானது. நடுவில் இருப்பவரின் வருமானம் மணிக்குச் சுமார் 2 டாலர் என்று அதில் தெரிந்தது. 7.25 டாலருக்கு மேல் சம்பாதித்தவர்கள் 4 சதவீதம் பேர்தான். வேலை தேடும் நேரம், ரிஜெக்ட் ஆன வேலை, பாதியில் விட்ட வேலை, இந்த மூன்றும்தான் கூலியைத் தின்கின்றன. நல்ல கூலி தருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மிகக் குறைவாகத் தருபவர்கள்தான் வேலைகளை மலையாகக் குவிக்கிறார்கள்.

சரி, தேர்வுக்கு வருவோம். தேர்வு நேரத்தைத் தேறும் வாய்ப்போடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். மூன்று தேர்வு எழுதினால் ஒன்றில் தேறுகிறீர்கள், ஒவ்வொன்றும் 3 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புராஜெக்ட்டில் நுழையவே 9 மணி நேரம் சும்மா போகிறது. உள்ளே மணிக்கு 5 டாலர் வீதம் 12 மணி நேர வேலை இருந்தால் 60 டாலர். 21 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 2.86. அதே புராஜெக்ட் 100 மணி நேரம் ஓடினால் 4.59 ஆகிறது. ஆகவே கூலி எவ்வளவு என்பதைவிட, தேறிய பிறகு எவ்வளவு வேலை இருக்கும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதற்குப் பதில் வராவிட்டால் அந்தத் தேர்வை விட்டுவிடலாம் என்பேன்.

தேர்வின் அமைப்பே நிறையச் சொல்லும். நேர்மையான தேர்வில் விடை ஏற்கெனவே தெரிந்த பத்திருபது கேள்விகள் இருக்கும். தேறும் மதிப்பெண் சொல்லப்பட்டிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க விடை கையில் இருப்பதால் முடிவும் சீக்கிரம் வந்துவிடும். நூறு, இருநூறு புதுப் படங்களைக் கொடுத்துவிட்டு 'பரிசீலித்துச் சொல்கிறோம்' என்றால் எனக்குச் சந்தேகம் வரும். அது தேர்வுதான் என்றாலும்கூட, அத்தனை நேரத்துக்குக் கூலி தராமல் இருப்பது நியாயமே இல்லை. நுழையவோ பயிற்சிக்கோ பணம் கேட்டால் அது மோசடி, அங்கேயே நிறுத்துங்கள்.

உங்களுக்கு வந்திருக்கும் அழைப்பை ஏற்பதானால், தொடங்கும்போதே ஒரு மணி நேரம் என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பாதி தாண்டவில்லை என்றால் மூடிவிடுங்கள். இவ்வளவு நேரம் போட்டுவிட்டோமே என்று தொடர வேண்டாம்.

அப்புறம், தேறிவிட்டாலும் முதல் நாளே முந்நூறு படம் முடிக்காதீர்கள். பத்துப் படம் செய்து, ஏற்கப்படும்வரை காத்திருங்கள். வழிமுறையில் ஏதோ ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மொத்தத் தொகுப்பும் ரிஜெக்ட் ஆகும். மெக்கானிக்கல் டர்க் போன்ற தளங்களில் ரிஜெக்ட் செய்த வேலைக்குப் பணம் தர வேண்டியதில்லை. அதோடு ஏற்பு விகிதமும் சரியும். 95 சதவீதத்துக்குக் கீழே போனால் அங்கே நல்ல வேலைகள் பல கண்ணிலேயே படாது. உங்கள் 720-ல் 60 என்பது 8 சதவீதத்துக்கும் மேல், அதாவது இப்போதே 92-க்குக் கீழே. புதுத் தேர்வுக்கு முன்பாக அந்த 60-ம் ஏன் ரிஜெக்ட் ஆனது என்று காரணத்தைக் கேட்டு எழுதுங்கள். பெரும்பாலும் ஒரே தவறுதான் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.