முதல் ஆய்வுக்கு ஒரு கேள்வி

அன்புள்ள ஐயா,

வேளாண்மைக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். ஊர் தேவகோட்டைப் பக்கம். முதல் ஆய்வுக்கு நான்கு மாதம் இருக்கிறது. ‘இயற்கை உரங்களால் செட்டிநாட்டு மண்வளத்தை உயர்த்துதல்’ என்று தலைப்புக் கொடுத்தேன். வழிகாட்டி ஆசிரியர், ‘இது பெரிசு, சுருக்கிக் கொண்டு வா’ என்கிறார். எப்படிச் சுருக்குவதென்று தெரியவில்லை. வீட்டில் மானாவாரி நெல்தான். புழுதியில் விதைத்தபின் ஒரு மழை பெய்து ஏமாற்றினால் அப்பா மறுவிதைப்புக்கு அலைகிறார். ஊருக்குப் பயன்படும்படி ஏதாவது செய்ய ஆசை.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் தலைப்பை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் ஏறத்தாழ 9 லட்சம் கிலோ எடை இருக்கும். அதில் அங்ககக் கரிமம் 0.1 சதவீதம் ஏற வேண்டுமென்றால் 900 கிலோ கரிமம் மண்ணில் தங்க வேண்டும். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போட்டால், ஈரம் போக அதிலுள்ள கரிமம் 600, 700 கிலோதான். அதிலும் பெரும்பகுதி நம் வெயிலில் ஓராண்டுக்குள் மட்கிக் காற்றோடு போய்விடும். மிஞ்சும் சிறு உயர்வு, ஒரே வயலில் இரண்டு இடத்தில் மண் எடுத்தால் வரும் வேறுபாட்டுக்குள் மறைந்துவிடும். நான்கு மாதத்தில் இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்றும் சொல்ல முடியாது, ‘இல்லை’ என்றும் சொல்ல முடியாது. தலைப்பைக் கைவிடுவதற்கு இந்தக் காரணம் போதும்.

உங்கள் ஆய்வு அப்பாவைப் பற்றி எழுதிய வரியில் இருக்கிறது. புழுதியில் கிடக்கும் விதை, மழையே இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். சிறு மழை பெய்து, விதை நீர் குடித்து முளைக்கத் தொடங்கியபின் மழை நின்று மண் காயும் காய்ச்சல் வந்தால்தான் சாகிறது. இதற்கு ஏற்கெனவே ஒரு பரிந்துரை உண்டு: மானாவாரி நெல்விதையை 1 சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைப்பது. விதைக் கடினப்படுத்துதல் என்பார்கள். அதையே திரும்பச் செய்து காட்டினால் ஆய்வாகாது. வேலை செய்வது பொட்டாஷா, அல்லது வெறுமனே ஊறி உலர்வதா என்று கேட்டால் ஆய்வாகும். வெறும் தண்ணீரே போதுமென்றால் விவசாயிக்கு ஒரு செலவு மிச்சம்.

ஆகவே கேள்வி இது: ‘10 மி.மீ. மழைக்குப் பின் காய்ச்சல் வந்தால், பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறி உலர்ந்த நெல்விதை, தண்ணீரில் ஊறி உலர்ந்த விதையைவிடவும் ஊறவைக்காத விதையைவிடவும் அதிகமாக முளைத்து வெளிவருமா?’ எந்தப் பயிர், எந்த நெருக்கடி, எதை எதோடு ஒப்பிடுவது, எதை எண்ணுவது, எல்லாம் இதில் வந்துவிட்டன. விளைச்சல் வரவில்லை, வரக்கூடாது. தட்டில் முளைத்ததை வைத்து மூட்டைக்கணக்குப் பேச முடியாது.

வயலுக்குப் போகாதீர்கள். மழை உங்கள் கால அட்டவணைப்படி பெய்யாது. மழைநீர் விழாத ஒரு கொட்டகையில், அடியில் ஓட்டையுள்ள 30 × 20 செ.மீ. பிளாஸ்டிக் தட்டுகளில் செய்யுங்கள். உங்கள் வயலின் செம்மண்ணைச் சலித்து, உலர்த்தி, தட்டுக்கு 6 கிலோ என்று எடை போட்டு நிரப்புங்கள். வரிசைக்கு 10 விதையாக 10 வரிசை, 3 செ.மீ. ஆழம். 600 மி.லி. தண்ணீரைப் பூவாளியால் தெளித்தால் அந்தப் பரப்புக்கு அது 10 மி.மீ. மழை.

விதை உங்கள் வீட்டு விதையாகவே இருக்கட்டும், ஆனால் ஒரே குவியலிலிருந்து எடுங்கள். முதலில் சாதாரண முளைப்புச் சோதனை செய்யுங்கள். 80 சதவீதத்துக்குக் குறைந்தால் வேறு விதை தேடுங்கள். புது அறுவடை என்றால் விதை உறக்கத்தில் இருக்கலாம். பிறகு 200 கிராம் விதைக்கு 200 மி.லி. தண்ணீரும் 2 கிராம் பொட்டாசியம் குளோரைடும். இன்னொரு 200 கிராமுக்குத் தண்ணீர் மட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊறப்போட்டு, ஒரே நேரத்தில் எடுத்து, நிழலில் பரப்பி, மறுபடி 200 கிராம் எடைக்கு வரும்வரை உலர்த்துங்கள். நேரம் தாண்டி வெள்ளையாக முளைமுனை எட்டிப்பார்த்த விதையை உலர்த்தினால் அந்த முனை செத்துவிடும். ஒரு பிடியை விரித்துப் பார்த்தாலே தெரியும். கண்டால் அந்தத் தொகுதியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஊறவையுங்கள்.

இனி, முதல் ஆய்வுகள் பெரும்பாலும் விழும் இடத்துக்கு வருகிறேன். காய்ச்சல் எத்தனை நாள்? நான்கு நாள் விட்டு மூன்று வகையிலும் 90 விதை முளைத்தால் வேறுபாடு தெரியாது. பதினைந்து நாள் விட்டு மூன்றிலும் 5 முளைத்தாலும் தெரியாது. அதனால் ஊறவைக்காத விதையை மட்டும் வைத்து ஒரு முன்சோதனை செய்யுங்கள். 4, 7, 10, 13 நாள் காய்ச்சல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு. அந்த நாள் கழிந்ததும் தினம் 300 மி.லி. விட்டு, பத்தாம் நாள் எண்ணுங்கள். எங்கே பாதி விதை முளைக்கிறதோ, அந்த நாளை முக்கியச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வியில் ‘காய்ச்சல்’ என்ற சொல்லுக்கு முன்னால் அப்போதுதான் ஓர் எண் வரும்.

முக்கியச் சோதனைக்கு மூன்று வகை, வகைக்கு 5 தட்டு, ஆக 15 தட்டு. ஒரே பெரிய தட்டில் 500 விதை போட்டால் அது 5 மறுபதிவு ஆகாது. அந்தத் தட்டு மேடாகவோ வெயில் ஓரமாகவோ இருந்தால் 500 விதைக்கும் அதே கதைதான். எந்தத் தட்டு எந்த இடத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். எறும்பும் குருவியும் தின்ற விதை, முளைக்காத விதையாகக் கணக்கில் ஏறிவிடும். மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, மேலே வலை போடுங்கள்.

எதிர்பார்ப்பையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். 100 விதையில் பாதி முளைக்கும் நிலையில், வேறு எந்தக் காரணமும் இல்லாமல் தற்செயலாகவே தட்டுக்குத் தட்டு 5 நாற்று அளவுக்கு விலக்கம் வரும். அந்த விலக்கத்தோடு 5 தட்டு வைத்தால், இரண்டு வகைகளின் சராசரிக்கு இடையே குறைந்தது 7 நாற்றாவது வேறுபட்டால்தான் அது உண்மையான வேறுபாடு என்று புள்ளியியல் ஏற்கும். தட்டுகள் இன்னும் மாறுபட்டால் அந்த எல்லை இன்னும் உயரும். ஆகவே 3 நாற்று கூடியதை வைத்து ‘பொட்டாஷ் சிறந்தது’ என்று எழுதிவிடாதீர்கள்.

முன்சோதனைக்கு ஒரு மாதம், முக்கியச் சோதனைக்கு ஒரு மாதம். மிச்ச நாளில் முக்கியச் சோதனையை விதையைப் புதிதாக ஊறவைத்து இன்னொரு முறை செய்துவிடலாம். தொடங்குமுன் செட்டிநாட்டில் உள்ள மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்துக்கும் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் போய், இதே ஒப்பீட்டை உங்கள் நெல் ரகத்தில் யாராவது செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். செய்திருந்தால் ரகத்தையோ மழை அளவையோ மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்து மாற்றாதீர்கள்.

தண்ணீரும் கரைசலும் ஒரே அளவு வந்து, இரண்டும் ஊறவைக்காததைவிடக் கூடுதலாக வந்தால், ‘இந்தக் காய்ச்சலில், இந்த விதையில், ஊறி உலர்வது பலன் தந்தது, பொட்டாஷால் கூடுதல் பலன் காணவில்லை’ என்று எழுதுங்கள். மூன்றும் ஒன்றாக வந்தால், 7 நாற்றுக்குக் குறைந்த வேறுபாடு இருந்தாலும் இந்தச் சோதனையில் தெரிந்திருக்காது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தலைப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஆசிரியரிடம் நாளை அந்தக் கேள்வியை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.